கடைசி இருபது நொடிகள்: வற்புறுத்தாமல் அடுத்த வீடியோவுக்கு வழிகாட்டக் கற்றுக்கொண்ட கதை

எக்செல் போன்ற கணக்குத்தாள் மென்பொருள்களைத் தமிழில் கற்றுத்தரும் ஒரு யூடியூப் சேனலை நான் நடத்தி வருகிறேன். பாடத்தை எப்படித் தொடங்குவது, எந்த வரிசையில் விளக்குவது, திரையில் எழுத்துகளை எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்பவற்றைப் பற்றியெல்லாம் நிறைய யோசித்த நான், வீடியோ எப்படி முடிகிறது என்பதைப் பற்றி நெடுநாள் யோசிக்கவே இல்லை. எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்: “அவ்வளவுதாங்க. இந்த வீடியோ உங்களுக்குப் பயனுள்ளதா இருந்திருக்கும்னு நம்பறேன். பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க, நண்பர்களுக்கு ஷேர் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணிட்டு பக்கத்துல இருக்கிற பெல் பட்டனை அழுத்துங்க. மீண்டும் அடுத்த வீடியோவில் சந்திப்போம். நன்றி, வணக்கம்.” அதன் பிறகு இசை ஒலிக்க, எண்ட் ஸ்கிரீனில் இரண்டு வீடியோக்கள் தோன்றும். அந்த இரண்டையும் யாரும் தொடுவதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். ஆனால் காரணம் வீடியோக்களின் முகப்புப் படத்தில் இருக்கும் என்று எண்ணிப் படங்களையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெயரைப் பட்டியலில் தேடி அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் VLOOKUP ஃபார்முலாவைப் பற்றிய என் பழைய வீடியோவில், எந்த நொடிவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தைப் பார்த்தபோதுதான் உண்மையான காரணம் தெரிந்தது. அந்த வீடியோவின் நீளம் 9 நிமிடம் 12 நொடி. கோடு மெல்லச் சரிந்துகொண்டே வந்து, 8:21 என்ற இடத்தில் படிக்கட்டிலிருந்து இறங்குவதுபோலச் சட்டென்று விழுந்திருந்தது. அந்த நொடிக்கு நகர்த்திக் கேட்டால், “அவ்வளவுதாங்க” என்ற என் குரல். எண்ட் ஸ்கிரீன் தொடங்கியதோ 8:52-இல். அதாவது கடைசிவரை பொறுமையாகக் கற்ற மக்களில் பெரும்பாலோர், நான் பரிந்துரைத்த வீடியோக்கள் திரைக்கு வருவதற்கு அரை நிமிடம் முன்பே கிளம்பிவிட்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவைத்ததும் நானே. “அவ்வளவுதான்” என்று ஒருவர் சொன்ன பிறகு எழுந்து செல்வது நாகரிகமான செயல்தானே?

அன்று முதல் முடிவை அறிவிக்கும் சொற்களைப் பட்டியலிட்டு நீக்கத் தொடங்கினேன். “அவ்வளவுதான்”, “இத்துடன்”, “கடைசியா ஒண்ணு”, “ஆக மொத்தத்துல” ஆகியவை வெளிப்படையானவை. குரலும் இதே வேலையைச் செய்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. பாடம் முடிந்ததும் நம்மை அறியாமலே குரல் தாழ்கிறது, ஒரு மூச்சு விடுகிறோம், பின்னணி இசை மேலெழுகிறது. சொல்லே இல்லாமல் முடிவு அறிவிக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே இறுதி இசையை எடுத்துவிட்டேன். கடைசி வாக்கியங்களைத் தனியாகப் பிற்பாடு ஒலிப்பதிவு செய்யும் பழக்கத்தையும் விட்டேன். பாடத்தின் கடைசிப் படியைச் சொல்லும் அதே மூச்சில், அதே வேகத்தில் இறுதி வரியையும் பேசினால்தான் இடையில் அந்தப் பள்ளம் விழாமல் இருக்கிறது.

நன்றியும் வணக்கமும் சொல்லாமல் முடிப்பது மரியாதைக் குறைவாகாதா என்ற தயக்கம் எனக்கு உண்மையாகவே இருந்தது. நன்றி சொல்ல வேண்டிய காரணம் இருக்கும்போது, உதாரணமாக ஒரு பார்வையாளர் கேட்ட கேள்வியிலிருந்து அந்த வீடியோ பிறந்திருந்தால், அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே அது ஒருவருக்குச் சொல்லும் நன்றியாக இருக்கிறது. கடைசியில் சொன்னபோது வெறும் வழக்கமாகத்தான் இருந்தது.

முடிவை அறிவிக்காமல் விட்டதால் எண்ட் ஸ்கிரீன் வரை வருபவர்கள் கூடினார்கள். ஆனால் அடுத்து நான் செய்தது ஒரு பெரிய தவறு. வந்தவர்களை அடுத்த வீடியோவுக்குத் தள்ள வேண்டும் என்ற எண்ணத்தில், “இந்த வீடியோவைப் பார்க்காம மட்டும் போயிடாதீங்க”, “இது தெரியலைன்னா நீங்க இப்போ கத்துக்கிட்டதுக்கே பயன் இல்லை” என்றெல்லாம் பேசினேன். அதைவிடவும் மோசமாக, ஒரு வீடியோவில் கடைசிப் படியையே நிறுத்திவைத்தேன். ஃபார்முலாவை ஒரு கட்டத்தில் எழுதிக் காட்டிவிட்டு, அதைக் கீழே உள்ள எல்லா வரிகளுக்கும் இழுக்கும்போது தேடும் பகுதி நகர்ந்துவிடாமல் டாலர் குறியிட்டுப் பூட்ட வேண்டும் என்பதை “அடுத்த வீடியோவில் பார்க்கலாம்” என்று சொல்லி முடித்தேன். அந்தப் படி இல்லாமல் ஃபார்முலா முதல் வரியில் சரியாக இருக்கும், கீழே போகப் போகத் தவறும். ஒரு பார்வையாளர் எழுதினார்: “சார், அலுவலகத்தில் அவசரமாகப் பார்த்துச் செய்தேன், பாதி வரிகள் தப்பாக வந்து எல்லோர் முன்னாலும் நின்றேன். முழுசாகச் சொல்லியிருக்கலாமே.” அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவர் என் சொல்லை நம்பித் தன் வேலையைச் செய்தவர். அந்த வீடியோவின் விளக்கக் குறிப்பிலும், மேலே பொருத்திவைத்த கமெண்டிலும் விடுபட்ட படியை உடனே எழுதினேன்; பிறகு முழுப் பாடத்தையும் புதிதாகப் பதிவு செய்தேன். வீடியோவின் தலைப்பு எதை வாக்களிக்கிறதோ அது அந்த வீடியோவுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும் என்பதில் அதன் பிறகு நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. அடுத்த வீடியோ, முடிந்த வேலைக்குப் பிறகு எழும் கேள்விக்கு உரியது.

அந்தக் கேள்வி எது என்று கண்டுபிடிப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. VLOOKUP முடித்தவருக்கு அடுத்ததாக INDEX, MATCH கற்றுத்தருவது பாடத்திட்டப்படி சரி; நானும் அதைத்தான் எண்ட் ஸ்கிரீனில் வைத்திருந்தேன். ஆனால் பாடத்திட்டம் என் மனத்தில் இருப்பது. பார்ப்பவர் வீடியோவை முடித்ததும் தன் கோப்பைத் திறந்து ஃபார்முலாவைப் போடுகிறார். அங்கே அவருக்கு என்ன நடக்கிறது? பழைய வீடியோவுக்கு வந்திருந்த கமெண்டுகளை ஒன்றுவிடாமல் படித்தேன். “பெயர் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனாலும் #N/A வருகிறது” என்பதே வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டிருந்தது. தேடியது கிடைக்கவில்லை என்பதற்கு எக்செல் காட்டும் பிழைக்குறி அது. பூட்டுப் போடாத தவறு ஒரு காரணம். அதைப் பாடத்துக்குள்ளேயே சொல்லியாக வேண்டும். மிஞ்சியவற்றில் பெரும்பகுதி, பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பேஸால் வருவது. வேறு மென்பொருளிலிருந்து எடுத்து ஒட்டிய பட்டியல்களில் இது மிகச் சாதாரணம். பார்க்க ஒரே பெயர். கணினிக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள். அதைத் தீர்க்கும் முறையை வேறொரு வீடியோவில் ஏற்கெனவே விளக்கியிருந்தேன். ஆனால் அது சேனலின் மூலையில் கிடந்தது. VLOOKUP வீடியோவின் முடிவில் அதைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

புதிதாகப் பதிவு செய்த VLOOKUP வீடியோவின் முடிவை இப்படி அமைத்தேன். கடைசிப் படியில் திரையில் இருப்பது இந்த ஃபார்முலா:

```
=VLOOKUP(A2,$F$2:$G$200,2,FALSE)
```

அதைக் கீழே இழுக்கிறேன், விலைகள் எல்லா வரிகளிலும் நிரம்புகின்றன. அந்த இடத்திலேயே, நிறுத்தாமல், இப்படிப் பேசுகிறேன்: “இதையே உங்க ஷீட்ல போட்டுப் பாருங்க. சில வரியில மட்டும் #N/A-ன்னு வந்தா ஃபார்முலா தப்பில்லை, பெரும்பாலும் பேருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் ஒளிஞ்சிருக்கும். அதைக் கண்டுபிடிச்சு எடுக்கிற வழி இதோ, இந்த வீடியோவுல இருக்கு. ஒரு வரியிலகூட #N/A வரலைன்னா, இப்போ உங்களுக்கு அது தேவைப்படாது.”

இந்த நான்கு வாக்கியங்களைப் பல தடவை எழுதி அடித்துத்தான் வந்து சேர்ந்தேன். அவற்றில் ஒவ்வொரு சொல்லும் ஏன் இருக்கிறது என்பதைச் சொல்வது மற்றவர்களுக்குப் பயன்படும் என நினைக்கிறேன்.

முதலாவது, “வந்தா” என்ற சொல். நிபந்தனையாகச் சொல்லும்போது தீர்மானம் கேட்பவரிடம் போய்ச் சேர்கிறது. #N/A வந்தவர் இது தனக்கானது என்று தானே அறிந்துகொள்கிறார். வராதவர் தன்னை யாரும் தள்ளவில்லை என்று உணர்கிறார். “கண்டிப்பா பாருங்க”, “மறக்காம பாருங்க” என்பவற்றில் இந்த இடைவெளி இல்லை. தேவை இருக்கிறதா என்று கேட்காமலே எல்லோருக்கும் ஒரே கட்டளை. இரண்டாவது, வினைமுற்று. “பாருங்க” என்று முடிக்காமல் “இருக்கு” என்று முடித்திருக்கிறேன். ஏவல் இல்லை, தகவல் மட்டுமே. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், கேட்பவரின் காதில் கடைசியாகத் தங்குவது அதுதான்; அது கட்டளையாக இருந்தால் முன்னால் எவ்வளவு பணிவாகப் பேசியிருந்தாலும் கட்டளையே மிஞ்சும். “போட்டுப் பாருங்க” என்ற ஏவல் ஒன்று முதல் வாக்கியத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். அது அவருடைய சொந்த வேலையைச் செய்யச் சொல்வது. என் சேனலுக்காக எதையும் கேட்பது அன்று. அந்த வேறுபாட்டைக் கேட்பவர்கள் மிக நுட்பமாக உணர்கிறார்கள்.

மூன்றாவது, காரணத்தை நான் மறைக்கவில்லை. ஸ்பேஸ்தான் காரணம் என்பதை அந்த வரியிலேயே சொல்லிவிடுகிறேன். “ஒரு சின்ன ரகசியம் இருக்கு, அதை அடுத்த வீடியோவில் சொல்றேன்” என்று நிறுத்தினால் ஆவல் எழும் என்பது உண்மைதான். ஆனால் பிரச்சினையில் மாட்டிக்கொண்டு தவிப்பவரிடம் ஆவலைக் கிளறிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு, காரணத்தைச் சொல்லிவிடுவதால் அடுத்த வீடியோவுக்குப் போவோர் எண்ணிக்கை குறையவும் இல்லை. ஸ்பேஸ் என்று தெரிந்தாலும், முந்நூறு வரிகளில் எங்கே இருக்கிறது, எப்படி ஒரே நேரத்தில் எடுப்பது என்ற வேலை மிச்சம் இருக்கிறது. விளக்கிச் செய்துகாட்ட வேண்டியது இருக்கும்போது மட்டுமே அது தனி வீடியோவுக்கு உரியது. ஒரே வாக்கியத்தில் முடிவதானால் அந்த வாக்கியத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது வாக்கியத்தை முதலில் தற்செயலாகத்தான் சேர்த்தேன். வீடியோவைச் சுட்டிக்காட்டிய பிறகு, பார்ப்பவர் கைபேசியைப் பிடித்திருக்கும் விரலை நகர்த்தித் தொடுவதற்குச் சில நொடிகள் வேண்டும். அந்த நொடிகளில் மௌனமாக இருந்தால் வீடியோ பழுதானதுபோல் தோன்றுகிறது. பேசினால் லைக், ஷேர் என்று பழைய பாட்டு வந்துவிடுகிறது. “தேவைப்படாது” என்ற வாக்கியம் அந்த இடத்தை நிரப்பியது. அதைக் கேட்டுப் போகாமல் விட்டவர்கள் இருப்பார்கள். ஆனால் தேவையில்லாத இடத்துக்கு நான் அனுப்புவதில்லை என்ற நம்பிக்கை அந்த ஒரு வாக்கியத்தால் வளர்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஆகவே அதைப் பல வீடியோக்களில் வைத்திருக்கிறேன்.

இனி நேரக்கணக்கு. எண்ட் ஸ்கிரீனை வீடியோவின் கடைசி 5 முதல் 20 நொடிகளுக்குள் மட்டுமே யூடியூப் அனுமதிக்கிறது. வீடியோ குறைந்தது 25 நொடி நீளம் இருக்க வேண்டும். அகலத்திரை வீடியோவில் நான்கு பெட்டிகள் வரை வைக்கலாம். ஒவ்வொரு பெட்டியும் வெவ்வேறு நொடியில் தோன்றுமாறு அமைக்கலாம் என்பதைப் பலர் பயன்படுத்துவதில்லை, நானும் முன்பு பயன்படுத்தியதில்லை. வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்து இருபது நொடிக்கும் எல்லாவற்றையும் ஒன்றாக விரித்துவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. புதிய வீடியோவின் நீளம் 8:40. அந்த நான்கு வாக்கியங்கள் 8:21-இல் தொடங்குகின்றன. “#N/A-ன்னு வந்தா” என்று சொல்லும் 8:26-இல் வீடியோப் பெட்டி தோன்றுகிறது. “இதோ” என்ற சொல் 8:32-இல் வரும்போது பெட்டி ஏற்கெனவே திரையில் இருக்கிறது, ஆகவே சுட்டுச்சொல் வெறுமையைச் சுட்டுவதில்லை. சுட்டிய பிறகு ஏறத்தாழ ஏழு நொடிகள் தொடுவதற்குக் கிடைக்கின்றன. சப்ஸ்கிரைப் வட்டம் 8:34-இல், ஒரு சொல்லும் பேசப்படாமல், ஓரத்தில் தோன்றுகிறது. ஒரு பெட்டி குறைந்தது ஐந்து நொடியாவது இருக்க வேண்டும் என்பதால் அதற்கு மேல் தாமதிக்க அதிக இடமில்லை.

பெட்டியை முன்கூட்டியே காட்டினால் என்ன ஆகும் என்பதையும் அனுபவித்தே அறிந்தேன். ஒரு வீடியோவில் எண்ட் ஸ்கிரீனை முழு இருபது நொடிக்கு நீட்டியிருந்ததால், பாடத்தின் கடைசிப் படி நடந்துகொண்டிருக்கும்போதே பெட்டி வந்து, விடை தெரிய வேண்டிய D நெடுவரிசையின் மேல் சரியாக உட்கார்ந்துவிட்டது. “கடைசியில் என்ன விடை வந்தது, மறைந்துவிட்டதே” என்று கேட்டவர்களுக்கு நான் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. திரைப்பதிவு செய்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும், ஏனென்றால் நம் திரையில் காலி இடம் என்பதே இல்லை. இப்போது கடைசிப் பகுதிக்கு வரும்போது, எடிட்டிங்கில் திரைப்பதிவைச் சற்றுச் சுருக்கி இடப்பக்கம் நகர்த்துகிறேன். வலப்பக்கம் ஒரே வண்ணத்தில் வெற்றிடம் கிடைக்கிறது. அதில்தான் பெட்டி. முகம் காட்டிப் பேசுபவர்கள் படம் பிடிக்கும்போதே ஒரு பக்கமாக நின்றுகொள்ளலாம். திரையின் அடிப்பகுதியையும் தவிர்த்துவிடுகிறேன், ஏனெனில் வசன வரிகள் அங்கேதான் வருகின்றன. சேமித்த பிறகு கைபேசியில் ஒரு முறை முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பேன். கணினியில் நன்றாகத் தெரிந்த பெட்டி சிறு திரையில் எதை மறைக்கிறது என்பது அங்கேதான் புலப்படும்.

பெட்டியில் எந்த வீடியோ வர வேண்டும் என்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன: நாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், “Most recent upload” என்று வைக்கலாம், “Best for viewer” என்று யூடியூபிடம் விட்டுவிடலாம். ஒரு காலத்தில் எல்லா வீடியோக்களிலும் “Most recent upload” வைத்துவிட்டு, வாயால் “இந்த வீடியோவுல விளக்கமா சொல்லியிருக்கேன்” என்று குறிப்பாகப் பேசியும் இருந்தேன். வெளியிட்ட நாளில் பேச்சும் பெட்டியும் பொருந்தின. அடுத்த வீடியோ வெளியானதும் பெட்டி மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை. பல மாதங்கள் கழித்து ஒருவர், பிழை திருத்தம் என்று நம்பித் தொட்டால் அச்சிடுவது பற்றிய வீடியோ திறக்கிறதே என்று எழுதிய பிறகே எனக்குத் தெரியவந்தது. பெயர் சொல்லியோ “இதோ” என்று சுட்டியோ பேசினால், அந்தப் பெட்டியில் நாமே தேர்ந்த வீடியோதான் இருக்க வேண்டும். “Best for viewer” பெட்டியை இரண்டாவதாக, சற்றுச் சிறியதாக, அதைப் பற்றி ஏதும் பேசாமல் வைப்பதில் தவறில்லை. நான் சுட்டியதை ஏற்கெனவே பார்த்தவருக்கு அது உதவும். இரண்டு வீடியோக்களையும் வாயால் விவரிப்பது மட்டும் வேண்டாம். “இது வேணும்னா இது, அது வேணும்னா அது” என்று சொல்லிமுடிப்பதற்குள் இருபது நொடி தீர்ந்துவிடுகிறது.

முடிவு வரியைச் செம்மைப்படுத்திய பிறகும் ஒரு குறை மிஞ்சியது. பெட்டியைத் தொட்டுப் போனவர்கள் அங்கே போய் நிலைக்கவில்லை. அந்த ஸ்பேஸ் வீடியோவைப் போய்ப் பார்த்தால், அது “வணக்கம், நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருந்தா” என்று தொடங்கி, எக்செலில் தரவைச் சுத்தம் செய்வதன் தேவையைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசிய பிறகுதான் #N/A என்ற சொல்லுக்கே வந்தது. நான் “இதோ இருக்கு” என்று வாக்களித்தது அங்கே இல்லை. வற்புறுத்தல் இல்லாத வரியானாலும் வாக்கு நிறைவேறாவிட்டால் அது ஏமாற்றமே. ஆகவே அதையும் புதிதாகப் பதிவு செய்தேன். முதல் காட்சியிலேயே #N/A நிற்கும் பட்டியல், முதல் வாக்கியம், “ரெண்டு பக்கமும் ஒரே பேருதான், ஆனாலும் #N/A வருது, எத்தனை எழுத்து இருக்குன்னு எண்ணிப் பார்ப்போம்.” LEN எண்ணிக் காட்டுகிறது, A நெடுவரிசையில் உள்ள பெயருக்கு ஓர் எண் கூடுதலாக இருக்கிறது, பிறகு அந்தக் கூடுதல் ஸ்பேஸை நீக்கும் TRIM சேர்த்த திருத்தம்:

```
=VLOOKUP(TRIM(A2),$F$2:$G$200,2,FALSE)
```

முந்தைய வீடியோவின் கடைசி வாக்கியமும் இதன் முதல் வாக்கியமும் ஒரே பேச்சின் தொடர்ச்சிபோல ஒலிக்கின்றன. இப்போதெல்லாம் இரண்டையும் அருகருகே எழுதி, உரக்கப் படித்துப் பார்த்த பிறகே பதிவு செய்கிறேன். தேடலில் நேரடியாக வருபவருக்கும் அதே தொடக்கம் பொருந்துகிறது, ஏனெனில் அவரும் அதே பிழையோடுதான் வருகிறார்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோ காட்டும் எண்ட் ஸ்கிரீன் க்ளிக் விகிதம், பெட்டி எத்தனை முறை காட்டப்பட்டதோ அதில் எத்தனை முறை தொடப்பட்டது என்பதுதான். ஒரு பேச்சுக்கு, பழைய முறையில் 200 பேர் பெட்டி வரை வந்து 10 பேர் தொட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 5 சதவீதம். “அவ்வளவுதான்” என்பதை நீக்கியதால் 400 பேர் வந்து 16 பேர் தொடுகிறார்கள். விகிதம் 4 சதவீதம். விகிதத்தை மட்டும் பார்த்தால் புதிய முறை தோற்றதாகத் தோன்றும், ஆனால் கூடுதலாக ஆறு பேர் தங்களுக்கு வேண்டியதை அடைந்திருக்கிறார்கள். இந்தக் குழப்பத்தில் நானே ஒரு முறை நல்ல மாற்றத்தைத் திரும்பப் பெற இருந்தேன். ஆகவே நான் பார்ப்பவை மூன்று: தக்கவைப்பு வரைபடத்தில் கடைசிப் படிக்கும் பெட்டி தோன்றும் இடத்துக்கும் நடுவே கோடு எவ்வளவு விழுகிறது, வீடியோப் பெட்டியை மட்டும் தனியே எடுத்தால் எத்தனை க்ளிக், போனவர்களை ஏற்றுக்கொண்ட வீடியோவின் முதல் அரை நிமிடம் எப்படி இருக்கிறது. சில நாள்களில் முடிவு கட்டுவதில்லை. சிறிய சேனலில் எண்கள் சிறியவை, இரண்டு மூன்று பேர் கூடினாலே விகிதம் குதிக்கும்.

பழைய வீடியோக்களையும் கைவிட வேண்டியதில்லை. பெட்டிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்டுடியோவின் எடிட்டரில் வீடியோவின் வாலை வெட்டும் வசதியும் இருக்கிறது. அதே முகவரியும் கமெண்டுகளும் அப்படியே இருக்க, நீண்ட விடைபெறுதலை மட்டும் நீக்கிவிடலாம். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் வாக்கியம் பாதியில் அறுந்து கேட்கும் என்பதால், மூச்சு விடும் இடம் பார்த்து வெட்ட வேண்டும், பிறகு பெட்டிகளின் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். சொன்ன சொல்லை மாற்ற மட்டும் வழியில்லை. இதனால்தான் முடிவு வரியில் “போன வாரம்”, “அடுத்த வாரம்”, “பாகம் நாலு” என்பவற்றைத் தவிர்த்து, பிரச்சினையின் பெயரை மட்டும் சொல்கிறேன். நாளை அதே பிரச்சினைக்கு இன்னும் நல்ல வீடியோ செய்தால் பெட்டியை மாற்றினால் போதும், பேச்சு பொருந்தியே நிற்கும். சுட்ட வேண்டிய வீடியோ இன்னும் உருவாகவில்லை என்றால் வாக்கு எதுவும் கொடுப்பதில்லை. வலப்பக்க வெற்றிடத்தை மட்டும் விட்டுவைக்கிறேன், “Best for viewer” அங்கே காத்திருக்கிறது.

எதையும் சுட்டாமல் முடியும் வீடியோக்களும் என் சேனலில் உண்டு. ஒரு கோப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது எப்படி என்று தேடி வருபவர், பூட்டியதும் தன் வேலைக்குத் திரும்புகிறார். அவருக்கு அடுத்த கேள்வி எழுவதில்லை, நானும் வலிந்து ஒன்றை உண்டாக்குவதில்லை. “கடவுச்சொல்லை எங்காவது எழுதி வச்சுக்கோங்க, மறந்தா கோப்பைத் திறக்க முடியாது” என்பதுதான் அந்த வீடியோவின் கடைசி வாக்கியம். ஐந்து நொடிக்கு ஒரு பெட்டி அமைதியாக ஓரத்தில் நிற்கிறது, வீடியோ நின்றுவிடுகிறது.